ஒரே ரெப்போவா, நூறு ரெப்போவா? கோடைப் பிரித்து, பிறகு மீண்டும் ஒன்றாக்கிய செக்மென்ட் நிறுவனத்தின் கதை

'ரெப்போ' என்றதும் ரிசர்வ் வங்கியும் வட்டி விகிதமும் ஞாபகத்துக்கு வந்தால், இது அது இல்லை. சாஃப்ட்வேர் நிறுவனங்களில் ரெப்போ என்றால் ரெப்பாசிட்டரி. கோடையும், அதில் யார் எப்போது எந்த வரியை மாற்றினார்கள் என்ற முழு வரலாற்றையும் சேர்த்து வைக்கும் இடம்.

ஐந்து பேர் இருக்கும் ஸ்டார்ட்அப்பில் பெரும்பாலும் ஒரே ரெப்போதான் இருக்கும். ஐம்பது பேர் ஆனதும் ஒரு கேள்வி வரும். எல்லா டீமின் கோடும் ஒரே இடத்தில் இருக்கலாமா, இல்லை ஒவ்வொரு டீமுக்கும் தனி ரெப்போ கொடுக்கலாமா? முதல் வகைக்கு மோனோரெப்போ என்று பெயர். இரண்டாவது வகையை மல்டிரெப்போ அல்லது பாலிரெப்போ என்பார்கள்.

இந்த இரண்டு வகையிலும் மாட்டிக்கொண்டு வெளியே வந்த நிறுவனம், அமெரிக்காவின் செக்மென்ட். 2018-ல் அந்த அனுபவத்தை அவர்களே விரிவாக எழுதி வெளியிட்டார்கள்.

செக்மென்டில் என்ன நடந்தது?

ஒரு வெப்சைட்டிலோ ஆப்பிலோ நீங்கள் செய்யும் க்ளிக், வாங்கும் பொருள் போன்ற தகவல்களை வாங்கி, கூகுள் அனலிட்டிக்ஸ் மாதிரியான பல சேவைகளுக்கு அனுப்புவதுதான் செக்மென்டின் வேலை. தகவல் போய்ச் சேரும் ஒவ்வொரு சேவைக்கும் 'டெஸ்டினேஷன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு டெஸ்டினேஷனும் தகவலை வேறு வேறு வடிவத்தில் கேட்கும். அதனால் ஒவ்வொன்றுக்கும் தனி கோடு வேண்டும்.

ஆரம்பத்தில் இந்தக் கோடெல்லாம் ஒரே ரெப்போவில் இருந்தது. அதில் ஒரு பெரிய எரிச்சல். ஏதாவது ஒரு டெஸ்டினேஷனின் டெஸ்ட் ஃபெயில் ஆனால், எல்லாருக்கும் ஃபெயில். நீங்கள் மாற்றியது வேறு எதையோ இருக்கும். ஆனாலும் உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத அந்த டெஸ்டைச் சரிசெய்த பிறகுதான் உங்கள் கோடு வெளியே போகும்.

'சரி, பிரிச்சிடலாம்' என்று ஒவ்வொரு டெஸ்டினேஷனுக்கும் ஒரு ரெப்போ கொடுத்தார்கள். கொஞ்ச காலம் நிம்மதி. டீம்கள் வேகமாக வேலை பார்த்தன.

அப்புறம் எங்கே சிக்கல்?

பொதுவான கோடில். உதாரணத்துக்கு, பயனரின் பெயரை எடுப்பது எல்லா டெஸ்டினேஷனுக்கும் தேவை. ஒரு வாடிக்கையாளர் அதை `name` என்று அனுப்புவார், இன்னொருவர் `firstName` என்று, வேறொருவர் `first_name` என்று. இதையெல்லாம் சமாளிக்கும் கோடை ஒவ்வொரு ரெப்போவிலும் திரும்ப எழுத முடியாது. அதனால் பொது லைப்ரரியாக எழுதி, எல்லா ரெப்போவும் அதைப் பயன்படுத்தின.

லைப்ரரியில் ஒரு திருத்தம் செய்தால் அது எல்லா ரெப்போவுக்கும் போய்ச் சேர வேண்டும். அதாவது ஒவ்வொரு ரெப்போவிலும் வெர்ஷன் எண்ணை மாற்றி, டெஸ்ட் ஓட்டி, டெப்ளாய் செய்ய வேண்டும். டஜன் கணக்கில் இதைச் செய்ய யாருக்கு நேரம் இருக்கிறது? அவசரத்தில் இருந்த இன்ஜினீயர்கள் தங்களுக்குத் தேவையான ஒரு டெஸ்டினேஷனில் மட்டும் புது வெர்ஷனைப் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். நாளாக ஆக, ஒரே லைப்ரரியின் வேறு வேறு வெர்ஷன்கள் வேறு வேறு ரெப்போக்களில் ஓடிக்கொண்டிருந்தன.

டெஸ்ட் பிரச்னையும் தீரவில்லை, ஒளிந்துகொண்டது. தனி ரெப்போவில் டெஸ்ட் ஃபெயில் ஆனால் மற்றவர்களுக்குத் தொந்தரவு இல்லை. அதனால் யாரும் சரிசெய்யவில்லை. பிறகு எப்போதாவது ஒருவர் அந்த ரெப்போவைத் திறந்தால், ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிய வேண்டிய மாற்றம் சில நாள்களிலிருந்து ஒரு வாரம் வரை இழுத்தது.

மீண்டும் ஒன்றானது எப்படி?

140-க்கும் மேற்பட்ட டெஸ்டினேஷன்களை ஒரே ரெப்போவுக்கும், ஒரே சேவைக்கும் கொண்டுவந்தார்கள். மொத்தம் 120 டிபென்டென்சிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வெர்ஷன்தான் என்று முடிவெடுத்து, ஒவ்வொரு டெஸ்டினேஷனையும் அதற்கு மாற்றினார்கள்.

ஆனால் வெறுமனே ஒன்றாக்கினால் பழைய எரிச்சலும் திரும்பி வருமே? அதனால் டெஸ்ட் ஏன் ஃபெயில் ஆகிறது என்று பார்த்தார்கள். டெஸ்ட்கள் ஒவ்வொரு முறையும் இன்டர்நெட் வழியாக அந்த வெளிச் சேவையையே தொடர்புகொண்டன. அங்கே பாஸ்வேர்டு காலாவதியானாலோ, சேவை மெதுவாக இருந்தாலோ, கோடில் தப்பே இல்லாமல் டெஸ்ட் விழுந்தது. இதற்கு, முதல்முறை போகும் கோரிக்கையையும் வரும் பதிலையும் ஃபைலில் பதிவுசெய்து, அடுத்தடுத்த முறை அந்தப் பதிவையே ஓட்டிக்காட்டும் ஒரு டூலை உருவாக்கினார்கள். முன்பு ஒரு டெஸ்டினேஷனுக்கே ஓரிரு நிமிடம் எடுத்த டெஸ்ட், இப்போது 140-க்கும் சேர்த்து மில்லிசெகண்டுகளில் முடிந்தது.

கவனியுங்கள். முதல்முறை ரெப்போவைப் பிரிக்க வைத்த பிரச்னையின் வேர் ரெப்போவிலேயே இல்லை, டெஸ்டில் இருந்தது. அதை அப்போதே பிடித்திருந்தால், பிரிக்கும் தேவை வந்திருக்குமா என்பதே சந்தேகம்.

ஒன்றாக்கியதற்கும் விலை உண்டு. ஒரு டெஸ்டினேஷனின் பிழை சேவையை கிராஷ் ஆக்கினால் எல்லா டெஸ்டினேஷனும் சேர்ந்து விழும். ஒரு லைப்ரரியை அப்டேட் செய்தால், அது உடைப்பதையெல்லாம் அன்றே சரிசெய்ய வேண்டும். இதில் முதலாவது, சேவையையும் ஒன்றாக்கியதால் வந்தது. ஒரே ரெப்போவிலிருந்து பல சேவைகளைத் தனித்தனியாக டெப்ளாய் செய்யவும் முடியும். இரண்டாவதுதான் மோனோரெப்போவின் உண்மையான விலை.

சிம்பிளாகச் சொன்னால், பொது கோடை மாற்றும் செலவு இரண்டு முறையிலும் உண்டு. மோனோரெப்போவில் அதை உடனே கட்டுகிறீர்கள். மல்டிரெப்போவில் தள்ளிப்போடுகிறீர்கள், வட்டியோடு.

மோனோரெப்போவுக்கு என்ன டூல் வேண்டும்?

முதல் தேவை, எது மாறியதோ அதை மட்டும் டெஸ்ட் செய்யும் வசதி. அது இல்லாவிட்டால் ஒரு வரி மாற்றத்துக்கும் மொத்த கம்பெனியின் டெஸ்டும் ஓடும். Bazel, Nx போன்ற டூல்கள் எந்தப் பகுதி எதை நம்பியிருக்கிறது என்ற வரைபடத்தை வைத்துக்கொண்டு, பாதிக்கப்படும் பகுதிகளை மட்டும் ஓட்டும். இதை அமைக்கவும் பராமரிக்கவும் ஆள் வேண்டும்.

இரண்டாவது, அளவு. 2017-ல் மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸ் கோடை ஒரே கிட் ரெப்போவுக்கு மாற்றியபோது அதில் சுமார் 35 லட்சம் ஃபைல்கள், 300 ஜிபி. சாதாரண கிட்டில் அதை க்ளோன் செய்ய 12 மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்காகவே ஒரு தனி ஃபைல் சிஸ்டத்தை எழுதினார்கள். உங்கள் கம்பெனி அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட இருக்காது. தேவைப்பட்டாலும், `git clone --filter=blob:none`, `git sparse-checkout` போன்ற வசதிகள் இன்று கிட்டிலேயே இருக்கின்றன.

மூன்றாவது, அனுமதி. 'இந்த ஃபோல்டரை இவர் மட்டும் பார்க்கலாம்' என்று கிட்டில் சொல்ல முடியாது. ரெப்போ கையில் வந்தால் எல்லாமே தெரியும். வெளி கான்ட்ராக்டர்கள் பார்க்கக் கூடாத கோடு இருந்தால், அதற்குத் தனி ரெப்போதான் வழி.

வரலாறு என்ன ஆகும்?

பலர் கோட்டை விடும் இடம் இதுதான். `payments` என்ற தனி ரெப்போவை `company` என்ற பொது ரெப்போவில் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். ஃபைல்களை காப்பி செய்து ஒரே கமிட்டாகப் போட்டால் வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அடுத்த மாதம் `git blame` போட்டுப் பார்த்தால், எல்லா வரியையும் ஒரே ஆள் ஒரே நாளில் எழுதியதாகக் காட்டும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு விநோதமான `if` ஏன் சேர்க்கப்பட்டது என்ற காரணம் அந்த ரெப்போவில் கிடைக்காது.

வரலாற்றோடு கொண்டுவர, `git filter-repo` என்ற டூலை நிறுவி, புதிதாக க்ளோன் செய்த பிரதியில் இப்படிச் செய்யலாம்:

```
cd payments
git filter-repo --to-subdirectory-filter payments \
  --tag-rename '':'payments-'
cd ../company
git remote add payments ../payments
git fetch payments --tags
git merge --allow-unrelated-histories payments/main
```

முதல் கட்டளை, பழைய கமிட்கள் எல்லாமே ஆரம்பத்திலிருந்தே `payments/` ஃபோல்டருக்குள் நடந்த மாதிரி வரலாற்றைத் திருத்தி எழுதுகிறது. இரண்டு ரெப்போவிலும் `v1.0` என்ற டேக் இருந்தால் மோதும் என்பதால், டேகுகளுக்கு முன்னொட்டும் சேர்க்கிறது. கடைசிக் கட்டளை, தொடர்பே இல்லாத இரண்டு வரலாறுகளை இணைக்கிறது.

இதிலும் ஒரு இழப்பு உண்டு. வரலாற்றைத் திருத்தி எழுதுவதால் ஒவ்வொரு கமிட்டின் அடையாள எண்ணும் மாறும். பழைய டிக்கெட்டிலும் மெயிலிலும் குறிப்பிட்ட எண்கள் புது ரெப்போவில் இருக்காது. பழைய எண்ணுக்குப் புது எண் எது என்ற பட்டியல் `.git/filter-repo/commit-map` ஃபைலில் இருக்கும். அதை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பழைய ரெப்போவை அழிக்காமல், படிக்க மட்டும் என்று பூட்டிவையுங்கள்.

சேர்க்கும் முன் `git count-objects -vH` போட்டு அளவையும் பார்த்துவிடுங்கள். என்றோ தவறுதலாக கமிட் செய்து பிறகு நீக்கிய ஒரு பெரிய வீடியோ ஃபைல் வரலாற்றில் இருந்தால், இனி அது ஒவ்வொரு டெவலப்பரின் லேப்டாப்புக்கும் போகும்.

அப்போ எதைத் தேர்ந்தெடுப்பது?

உங்கள் கம்பெனியிலேயே இரண்டு விஷயங்களை எண்ணிப் பாருங்கள். பொது லைப்ரரிக்கு இன்று எத்தனை வெர்ஷன்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன? ஒரு சாதாரண மாற்றத்துக்குக் கடந்த மாதம் எத்தனை ரெப்போக்களில் புல் ரிக்வெஸ்ட் போட வேண்டியிருந்தது? ஒரு வெர்ஷன், ஒரு ரெப்போ என்றால் இப்போதைய பிரிவு சரியாகத்தான் இருக்கிறது. நான்கைந்து என்று வந்தால், எப்போதும் சேர்ந்தே மாறும் அந்த ரெப்போக்களை மட்டும் முதலில் ஒன்றாக்கலாம். மொத்தத்தையும் ஒரே நாளில் சேர்க்க வேண்டியதில்லை.

ஏற்கெனவே ஒரே ரெப்போவில் இருந்துகொண்டு 'டெஸ்ட் தொல்லை தாங்கல, பிரிச்சிடலாம்' என்று யோசிக்கிறீர்களா? எந்த டெஸ்ட், எதனால் ஃபெயில் ஆகிறது என்று முதலில் ஒரு வாரம் குறித்து வையுங்கள். செக்மென்டில் நடந்த மாதிரி காரணம் டெஸ்டில்தான் இருந்தால், ரெப்போவைப் பிரிப்பதைவிட அதைச் சரிசெய்வது மலிவு.