முன்னுரிமைப் பங்கைத் திருப்பித் தரும்போது ஒதுக்கப்படும் ஒரு கோடி

கோவையில் மோட்டார் பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனி இருப்பதாகக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அதன் சாதாரணப் பங்கு மூலதனம் 2 கோடி ரூபாய். அதோடு, 100 ரூபாய் முகமதிப்பில் ஒரு லட்சம் முன்னுரிமைப் பங்குகளை விற்று இன்னும் 1 கோடி திரட்டியிருக்கிறது. குறித்த ஆண்டு வந்ததும் ஒவ்வொரு பங்குக்கும் 110 ரூபாய் தருவோம் என்பது வாக்குறுதி. கூடுதலாகத் தரும் அந்தப் பத்து ரூபாய்தான் மீட்பு முனைமம், பேச்சுவழக்கில் பிரீமியம்.

தவணை வந்துவிட்டது. பல ஆண்டுகளாகச் சேர்த்த லாபம் 1 கோடியே 30 லட்சம் கணக்கில் இருக்கிறது, வங்கியிலும் பணம் இருக்கிறது. 1 கோடியே 10 லட்சத்துக்குக் காசோலை போட்டால் வேலை முடிந்துவிடும் என்று தோன்றும். ஆனால் 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 55-ஆம் பிரிவு, இன்னொரு பதிவையும் கேட்கிறது. லாபத்திலிருந்து பங்குகளை மீட்டால், மீட்ட பங்குகளின் முகமதிப்புக்குச் சமமான தொகையை, இங்கே 1 கோடியை, லாபக் கணக்கிலிருந்து எடுத்து ‘மூலதன மீட்புக் காப்பு’ என்ற தலைப்பில் வைக்க வேண்டும்.

பங்குதாரருக்குத்தான் பணம் கொடுத்தாயிற்றே, பிறகு எதற்கு இது?

இந்தக் கம்பெனிக்குக் கடனுக்கு வார்ப்பிரும்பு தருபவர் இடத்தில் நின்று பாருங்கள். பங்குதாரர்கள் போட்ட 3 கோடி உள்ளே இருக்கிறது, தன் பாக்கி தீராமல் அவர்கள் அதை எடுத்துக்கொண்டு போக முடியாது என்ற நம்பிக்கையில்தான் அவர் சரக்கு அனுப்புகிறார். முன்னுரிமைப் பங்கை மீட்டதும் மூலதனம் 2 கோடியாகிவிடும். புத்தகத்தில் லாபம் மட்டும், முனைமம் போக, 1 கோடியே 20 லட்சம் அப்படியே நிற்கும். அதையும் டிவிடெண்டாகப் பிரித்துக்கொண்டால், ஒரே லாபத்தைக் காட்டி முன்னுரிமைப் பங்குதாரருக்கு ஒரு கோடியும், சாதாரணப் பங்குதாரருக்கு இன்னொரு கோடிக்கு மேலும் வெளியே போய்விடும். வார்ப்பிரும்புக்காரர் நம்பியிருந்த மூலதனத்தில் ஒரு கோடி குறைந்திருக்கும். அதைத் தடுப்பதே இந்தப் பதிவின் வேலை. காப்புக்கு மாறிய 1 கோடியை டிவிடெண்டாகத் தொட முடியாது. சாதாரண மூலதனம் 2 கோடி, காப்பு 1 கோடி, ஆக மறுபடியும் 3 கோடி. காப்பில் உள்ளதை, முழுதும் செலுத்தப்பட்ட போனஸ் பங்காக உறுப்பினர்களுக்கு வழங்கலாம். அப்போதும் அது கம்பெனியை விட்டு வெளியே போவதில்லை, மூலதனமாகிவிடுகிறது.

பத்து லட்சம் முனைமத்துக்கு இந்தக் காப்பு தேவையில்லை. அது ஒருநாளும் மூலதனமாக இருந்ததில்லை. கம்பெனி ஏற்கும் செலவு. அதை நேராக லாபத்தில் கழித்துவிட வேண்டும். சில வகைக் கம்பெனிகள் பத்திர முனைமக் கணக்கிலிருந்தும் அதைத் தரலாம். குறிப்பிட்ட கணக்கியல் தரநிலைகளுக்கு உட்பட்ட கம்பெனிகளுக்கு லாபம் மட்டுமே வழி. வணிகவியல் மாணவர்கள் 1 கோடியே 10 லட்சத்தையும் காப்புக்கு மாற்றிவிடுவதுண்டு. அது தவறு. நம் கம்பெனியில் லாபம் 1.30 கோடி, காப்புக்கு 1 கோடி, முனைமத்துக்கு 10 லட்சம் போக, டிவிடெண்டுக்கு மிஞ்சுவது 20 லட்சம்தான்.

ஒருவேளை இந்த மீட்புக்கென்றே 40 லட்சத்துக்குப் புதுப் பங்குகளை வெளியிட்டிருந்தால் காப்புக்கு 60 லட்சம் போதும். மீதி 40 லட்சம் புது மூலதனமாகவே வந்து சேர்ந்துவிட்டது.

காப்பு என்பது பெட்டியில் பூட்டிய பணமல்ல. அது ஒரு தடைக்கோடு. கம்பெனியின் லாபம் இயந்திரமாகவும் சரக்காகவும் கிடந்தால், புத்தகத்தில் காப்பு இருந்தும் காசோலைக்குப் பணம் இருக்காது. நேர்மாறாக, வங்கியில் பணம் இருந்தும் டிவிடெண்டு தரத்தக்க லாபம் இல்லையென்றால், புதுப் பங்கு வெளியிடாமல் மீட்க முடியாது. நிலத்தின் மதிப்பைக் கூட்டிக் காட்டியதால் வந்த உபரி இந்த லாபத்தில் சேராது. பாக்கி வைத்த பங்குகளையும், அதாவது முழுப் பணமும் கட்டப்படாத பங்குகளையும், மீட்க முடியாது.

முன்னுரிமைப் பங்கை வங்கி டெபாசிட்போல நினைப்பவர்கள் பலர். அவர்களுக்கு இதுதான் கசப்பான இடம். தவணையில் மீட்க முடியாவிட்டால், மதிப்பில் முக்கால் பங்கு வைத்திருப்போரின் சம்மதத்தோடும் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தின் ஒப்புதலோடும், பணத்துக்குப் பதிலாகப் புது முன்னுரிமைப் பங்குகளைக் கொடுக்கக் கம்பெனிக்கு வழியிருக்கிறது. சம்மதிக்காதவர்களின் பங்குகளை உடனே மீட்கும்படி தீர்ப்பாயம் உத்தரவிட வேண்டும். ஆகவே விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன், தருவதாகச் சொல்லும் வட்டி போன்ற விகிதத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஆண்டறிக்கையில் ‘இருப்புகளும் உபரியும்’ என்ற குறிப்பைத் திருப்பி, பொதுக் காப்பும் லாப நட்டக் கணக்கின் மிச்சமும் சேர்ந்து மீட்புத் தொகையை எட்டுகிறதா என்று கூட்டிப் பாருங்கள்.