தள்ளுபடிக்கு மட்டும் வரும் வாடிக்கையாளர்: கணக்கில் கண்டுபிடிப்பது எப்படி?

தள்ளுபடி அறிவித்தால் மட்டும் ஆர்டர் போட்டு, மற்ற நாட்களில் கடைப் பக்கமே எட்டிப் பார்க்காத வாடிக்கையாளர்கள் இணையக் கடைகளில் கணிசமாக உண்டு. விற்பனைத் தொகையை மட்டும் பார்த்தால் இவர்கள் நல்ல வாடிக்கையாளர்களாகவே தெரிவார்கள். இவர்களைப் பிரித்தறிய இரண்டு கணக்குகள் தேவை: ஒருவர் எப்போது, என்ன விலைக்கு வாங்கினார் என்ற ஆர்டர் வரலாறு; அவரால் கடைக்கு நின்ற லாபம்.

பருத்திச் சேலைகளை இணையத்தில் விற்கும் ஒரு கடையை உதாரணமாக வைத்துக்கொள்ளலாம். முதல் வேலை, குறைந்தது ஓர் ஆண்டு பில்களை வாடிக்கையாளர் வாரியாகப் பிரிப்பது. முதல் ஆர்டருக்கான கூப்பனை மறுபடி பெறுவதற்காக வேறு கைபேசி எண்ணில் வருபவர்கள் உண்டு என்பதால், எண்ணோடு முகவரியையும் ஒப்பிட வேண்டும்.

அடுத்து, எது தள்ளுபடி ஆர்டர் என்று குறிக்க வேண்டும். இதற்குத் தேதியை நம்பக் கூடாது. தீபாவளி நேரத்தில் வாங்குபவர் பண்டிகைக்காக வாங்கியிருக்கலாம். அன்று அவர் முழு விலையில் புது வரவு ஒன்றை எடுத்திருந்தால் அது தள்ளுபடி ஆர்டர் ஆகாது. சாதாரண நாளில் கூப்பன் போட்டு வாங்கியது தள்ளுபடி ஆர்டர்தான். ஆகவே பில்லில் உண்மையில் எவ்வளவு விலை குறைந்தது என்பதே அளவுகோல். ஆடி மாதம் இந்த விஷயத்தில் தெளிவாகப் பேசும். தமிழ்நாட்டில் ஆடியில் பொதுவாகத் திருமணங்கள் வைப்பதில்லை. துணி வாங்கும் தேவை குறையும் அந்த மாதத்தில்தான் கடைகள் பெரும் தள்ளுபடி தருகின்றன. ஆண்டுதோறும் ஆடியில் மட்டும் வாங்குபவரை இழுப்பது பெரும்பாலும் விலைதான்.

ஒருவரின் ஆர்டர்களில் எத்தனை தள்ளுபடியில் வந்தவை என்ற விகிதத்தை இனி எடுக்கலாம். இங்கே அவசரப்பட்டால் தவறு நேரும். கடையின் மொத்த ஆர்டர்களில் 60 சதவீதம் தள்ளுபடியில் வருபவை என்றால், விலையைப் பொருட்படுத்தாமல் இரண்டு முறை வாங்குபவர்களிலும் 100க்கு 36 பேருக்கு இரண்டுமே தற்செயலாகத் தள்ளுபடியில் அமைந்துவிடும். ஐந்து ஆர்டர்கள் என்றால் இந்த எண்ணிக்கை 8 ஆகச் சுருங்கும். ஆகவே நான்கைந்து ஆர்டர்களாவது இல்லாதவர் மீது முத்திரை குத்தக் கூடாது.

விகிதம் பழக்கத்தைத்தான் காட்டும். அந்தப் பழக்கத்தால் கடைக்கு லாபமா நஷ்டமா என்பதை இரண்டாவது கணக்கு சொல்லும். ஒரு சேலையின் விலை 1,200 ரூபாய், கொள்முதல் 700, கூரியர் 80, இணையப் பணப் பரிமாற்றக் கட்டணம் 2 சதவீதம் என்று கொள்வோம். வரியை இப்போதைக்கு ஒதுக்கிவிடலாம். முழு விலையில் விற்றால் 396 ரூபாய் நிற்கும். 30 சதவீதம் தள்ளினால் விலை 840 ஆகும். செலவெல்லாம் போக நிற்பது 43 ரூபாய். ஒரு முழு விலை விற்பனைக்கு ஈடுகட்ட ஒன்பதுக்கும் மேற்பட்ட தள்ளுபடி விற்பனைகள் வேண்டும்.

முதல் வாடிக்கையாளர் தள்ளுபடியில் ஆறு முறை ஒவ்வொரு சேலையாக வாங்கி, ஒன்றைத் திருப்பி அனுப்புகிறார். ஐந்து சேலைகளில் வந்த லாபம் 215 ரூபாய். திரும்பி வந்த சேலைக்குப் போக வரக் கூரியரும், திரும்பக் கிடைக்காத கட்டணமுமாக 177 ரூபாய் போய்விட, அவரிடம் நின்றது 38 ரூபாய். இரண்டாமவர் ஆண்டுக்கு இரண்டே சேலை முழு விலையில் வாங்குகிறார். அவரிடம் நின்றது 792. மூன்றாமவரும் தள்ளுபடிக்காரர்தான். ஆனால் நான்கு சேலைகளை ஒரே பார்சலில் எடுக்கிறார், எதையும் திருப்புவதில்லை. கூரியர் 120 ரூபாயில் முடிய, அவரிடம் 373 ரூபாய் நிற்கிறது. முதலாமவரையும் மூன்றாமவரையும் ஒரே பட்டியலில் சேர்ப்பது தவறு. இருவருமே தள்ளுபடியில் வாங்கினாலும், கடை கட்டுப்பாடு வைக்க வேண்டியது முதல் வகைக்குத்தான்: குறைந்தபட்ச ஆர்டர் தொகை, கூரியர் கட்டணம், சிறிய தள்ளுபடி என்று வழிகள் உண்டு.

ஆர்டர் வரலாற்றால் சொல்ல முடியாதது ஒன்று உண்டு: தள்ளுபடி தராவிட்டால் அவர் வாங்கியிருப்பாரா? கடையே தள்ளுபடி நாட்களில் மட்டும் செய்தி அனுப்பியிருந்தால், பழக்கத்தை உண்டாக்கியது கடைதான். இதை அறிய, பட்டியலில் உள்ளவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கூப்பனும் மறு பாதிக்குக் கூப்பன் இல்லாமல் புது வரவுச் செய்தியும் அனுப்பிப் பார்க்க வேண்டும். வாங்காதவர்களையும் சேர்த்து, தலைக்கு எவ்வளவு லாபம் என்று ஒப்பிட வேண்டும். 100 பேரில் 20 பேர் கூப்பனில் ஆளுக்கொரு சேலை வாங்கினால் 860 ரூபாய். மறு பக்கம் முழு விலையில் நால்வர் வாங்கினாலே 1,584 ரூபாய். நால்வர் என்பது தற்செயலாகவும் அமையக்கூடிய சிறு எண்ணிக்கை என்பதால், சோதனையை மறுபடி செய்து பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

தேங்கிப்போன பழைய சரக்குக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அதில் போட்ட பணம் ஏற்கெனவே முடங்கிக் கிடப்பது. கொள்முதல் விலைக்குக் கீழே விற்றாலும் புதுச் சரக்குக்குப் பணம் கிடைக்கும். ஆகவே அந்த விற்பனையைத் தனியாக எழுதி, மற்ற ஆர்டர்களை மட்டும் வைத்து வாடிக்கையாளரை மதிப்பிட வேண்டும்.