வெளிநாட்டுச் சந்தையில் நுழையும் முறைகள்

ஒரு நிறுவனம் தன் பொருளையோ சேவையையோ பிற நாட்டில் விற்கத் தேர்ந்தெடுக்கும் வழி, வெளிநாட்டுச் சந்தை நுழைவு முறை எனப்படும். ஏற்றுமதி, உரிமம் வழங்கல், கூட்டு நிறுவனம், முழு உடைமைத் துணை நிறுவனம் ஆகிய நான்கும் இவற்றில் முக்கியமானவை. இந்த வரிசையில் செல்லச் செல்ல, பொதுவாக முதலீடும் இழப்பு வாய்ப்பும் கூடும். நிறுவனத்தின் கட்டுப்பாடும் கூடும்.

நான்கு முறைகள்

ஏற்றுமதியில் பொருள் சொந்த நாட்டிலேயே தயாராகிறது. முதலீடு குறைவு, ஆனால் இறக்குமதி வரி அதிகமானால் விலை கட்டுப்படியாகாது. உரிமம் வழங்கலில் உள்ளூர் நிறுவனம் ராயல்டி செலுத்தித் தொழில்நுட்பத்தையோ வணிகப் பெயரையோ பயன்படுத்துகிறது. இதில் தொழில்நுட்பத்தைக் கற்றவரே பின்னாளில் போட்டியாளராகலாம். கூட்டு நிறுவனத்தில் இரு தரப்பும் முதலீட்டையும் இலாபத்தையும் பகிர்ந்துகொள்கின்றன. முழு உடைமைத் துணை நிறுவனத்தில் எல்லா முடிவுகளையும் தாய் நிறுவனமே எடுக்கலாம். இழப்பு வந்தால் அதையும் தானே ஏற்க வேண்டும்.

எடுத்துக்காட்டு: இந்தியாவில் ஹோண்டா

ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 1980களில் இந்தியாவுக்கு வந்தபோது விரும்பிய முறையைத் தேர்ந்தெடுக்கும் நிலை இல்லை. வாகன இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடுகள் இருந்தன. 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் அயல்நாட்டவரின் பங்கைப் பொதுவாக 40 விழுக்காட்டுக்குள் நிறுத்தியது. எனவே ஏற்றுமதியும் முழு உடைமையும் இயலாமல் போயின. 1984இல் ஹீரோ குழுமத்துடன் சேர்ந்து ஹீரோ ஹோண்டா தொடங்கப்பட்டது. எஞ்சின் தொழில்நுட்பம் ஹோண்டாவுடையது. உள்ளூர் விற்பனை வலையமைப்பும் சந்தை அறிவும் ஹீரோவுடையவை.

1991க்குப் பின் விதிகள் தளர்ந்தன. 1999இல் ஹோண்டா தனக்கே முழுவதும் சொந்தமான துணை நிறுவனம் ஒன்றை இந்தியாவில் நிறுவியது. 2001இல் ஆக்டிவா ஸ்கூட்டரை அறிமுகப்படுத்தியது. பின்னர் மோட்டார் சைக்கிள்களையும் அதே துணை நிறுவனம் விற்றதால், ஹோண்டா தன் கூட்டாளிக்கே போட்டியாளரானது. மறுபுறம், ஹீரோ ஹோண்டா பல வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்ய முடியவில்லை. அச்சந்தைகளை ஹோண்டா தனக்கென வைத்திருந்தது.

2010 டிசம்பரில் பிரிவு அறிவிக்கப்பட்டது. ஹோண்டா தன் 26 விழுக்காட்டுப் பங்கை ஹீரோ குழுமத்திடம் விற்றது. 2011இல் நிறுவனம் ஹீரோ மோட்டோகார்ப் எனப் பெயர் மாறியது. அதன்பின் சில காலம் ஹோண்டாவின் தொழில்நுட்பத்தை உரிம ஒப்பந்தத்தின்படி பயன்படுத்தியது. அதாவது கூட்டு நிறுவன உறவு உரிம உறவாக மாறியது.

இதிலிருந்து தெரிவது

நுழைவு முறையை நிறுவனத்தின் விருப்பம் மட்டும் முடிவு செய்வதில்லை. அந்நாட்டுச் சட்டமும் முடிவு செய்கிறது. சட்டம் மாறினால் பழைய முறை பொருந்தாமல் போகலாம். கூட்டாளி அதே நாட்டில் அதே துறையில் தனி நிறுவனம் தொடங்குவது, கூட்டு பலவீனமடைவதன் தெளிவான அறிகுறியாகும். எனவே பிரிவின்போது பங்கு, தொழில்நுட்பம், வணிகப் பெயர், ஏற்றுமதிச் சந்தை ஆகியவை யாரைச் சேரும் என்பதைக் கூட்டு ஒப்பந்தத்தில் தொடக்கத்திலேயே எழுதி வைப்பது அவசியமாகும்.