தரையோடு படியும் வாயு

பெரிய மருத்துவமனைக்கும் வணிக வளாகத்துக்கும் குளிர்ந்த நீர் தரும் சில்லர்கள் பெரும்பாலும் பேஸ்மென்டில் இருக்கும். அப்படி ஓர் அறையை எடுத்துக்கொள்வோம்: 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம். உள்ளே இருக்கும் சில்லரில் ஆர்-134ஏ என்ற கேஸ் 400 கிலோ. அதற்கு நிறமில்லை, மூக்குக்குப் பிடிபடும்படியான வாடையும் இல்லை. காற்றைவிட மூன்றரை மடங்கு கனமானது.

அந்த 400 கிலோவும் கசிந்துவிட்டால் ஏறத்தாழ 94 கன மீட்டர் வாயுவாக விரியும். காற்றோடு கலக்காமல் தரையில் படிந்தால், தொட்டியில் தண்ணீர் நிற்பதுபோல அறை முழுக்க ஒரு மீட்டர் உயரத்துக்கு நிற்கும். நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. பம்ப்புக்கு அருகே குனிந்து நட்டை முறுக்குபவருக்கு மூச்சுவிட ஆக்சிஜன் இருக்காது. எச்சரிக்கை ஏதுமின்றி மயங்கிவிடுவார்.

அதனால்தான் சென்சாரைத் தரைக்குச் சற்று மேலே, கசிவு போய்த் தேங்கும் இடத்தில் வைக்க வேண்டும். சுவிட்ச்போர்டுக்குப் பக்கத்தில் தலை உயரத்தில் மாட்டுவதும் உண்டு. அங்கே வாயு எட்டுவதற்குள் நேரம் கடந்துவிடும். பத்து லட்சம் பங்கு காற்றில் இந்த வாயு 1000 பங்கை எட்டும்போதே அலாரம் அடிக்க வேண்டும். நம் அறையில் 2 கிலோ கசிந்து சீராகப் பரவினாலே அந்த அளவு வந்துவிடும்.

அலாரம் அடித்ததும் எக்ஸாஸ்ட் ஃபேன் தானாக ஓட வேண்டும். எவ்வளவு காற்றை வெளியேற்ற வேண்டும் என்பதற்கு அமெரிக்காவின் ஆஷ்ரே 15 விதியில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் எளிய கணக்கு ஒன்று உண்டு: கிலோவில் உள்ள கேஸ் எடையின் வர்க்கமூலத்தை 70-ஆல் பெருக்கினால் விநாடிக்கு இத்தனை லிட்டர் என்று வரும். 400-க்கு வர்க்கமூலம் 20. ஆக 1400 லிட்டர். இந்த வேகத்தில் அறையின் கொள்ளளவுக்குச் சமமான காற்று ஆறு நிமிடத்துக்குள் வெளியேறும். இரண்டு சில்லர் தனித்தனியாக இருந்தால், அதிக கேஸ் உள்ளதை மட்டும் கணக்கில் எடுத்தால் போதும்.

ஃபேன் சரியாக இருந்தும் கோட்டைவிடுவது வேறு இடத்தில். உறிஞ்சும் கிரில் கூரையடியில் இருந்தால் மேலே உள்ள நல்ல காற்றுதான் போகும். வெளிக்காற்று நுழையும் வழி கிரில்லுக்குப் பக்கத்திலேயே இருந்தால், வந்த காற்று அப்படியே திரும்பிவிடும். மறுமூலையில் வாயு அசையாமல் கிடக்கும். உறிஞ்சுவது தரையோரம், காற்று வருவது எதிர்ச்சுவர் என்று இருக்க வேண்டும். வெளியேற்றும் குழாய், கட்டடத்துக்குள் காற்று இழுக்கும் ஜன்னலை ஒட்டி முடியக்கூடாது.

அலாரம் அறைக்குள் அடித்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு வாசலுக்கும் வெளியே விளக்கும் ஒலியும் வேண்டும், ஃபேனை ஓட்டும் சுவிட்சும் அங்கேயே வேண்டும். சரிபார்க்க வருபவர் சோதனை வாயுவைச் சென்சாரில் காட்டி, மணி அடிக்கிறதா, ஃபேன் ஓடுகிறதா என்று பார்க்கட்டும். பிறகு தரையோரக் கிரில்லில் ஒரு காகிதத் துண்டைப் பிடித்து, அது ஒட்டி நிற்கிறதா என்றும் பார்க்கட்டும்.