மினிட்ஸில் காணாமல் போகும் எழுவாய்

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கக் கூட்டம் ஜூன் 7, ஞாயிறன்று நடந்தது; மினிட்ஸ் 12ஆம் தேதி எல்லோருக்கும் மின்னஞ்சலில் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு பத்தி:

"சம்ப் சுத்தம் செய்வது பற்றிப் பேசப்படுகிறது. தொட்டிச் சுவரில் விரிசல் இருந்தது. கொட்டேஷன் வாங்கப்படும். அடுத்த வாரத்துக்குள் வேலை முடிக்கப்பட்டுவிட வேண்டும். செயலாளரும் பொருளாளரும் கவனிப்பார்கள்."

எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் கான்ட்ராக்டருக்கு யார் போன் செய்வது என்று இதைப் படித்த எவருக்கும் தெரியாது.

காலங்கள் இப்படிக் கலப்பதற்குக் காரணம் உண்டு. கூட்டம் நடக்கும்போதே கிறுக்கிய குறிப்பு நிகழ்காலத்தில் இருக்கும். வீட்டுக்குப் போய் நினைவிலிருந்து எழுதிச் சேர்த்தது இறந்தகாலத்தில் வரும். இரண்டையும் ஒட்டும்போது தையல் தெரிகிறது. மெய்ப்புப் பார்ப்பவர் உடனே எல்லாவற்றையும் இறந்தகாலமாக்கிவிடத் துடிப்பார். அது ஆபத்து. "வாங்கப்படும்" என்பது "வாங்கப்பட்டது" ஆனால், நடக்காத வேலை நடந்து முடிந்ததாகிவிடும்.

ஆகவே வினைமுற்றைத் தொடுவதற்கு முன், அந்த வாக்கியம் எதைச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். கூட்டத்தில் பேசியதும் முடிவெடுத்ததும் இறந்தகாலத்துக்குரியவை. கூட்டத்துக்குப் பின் செய்யவேண்டியது எதிர்காலத்துக்குரியது. இன்றும் நீடிக்கும் நிலைமை இவை இரண்டிலும் சேராது. "விரிசல் இருந்தது" என்றால் இப்போது அடைத்துவிட்டார்கள் என்று ஒருவர் நினைக்கலாம். "விரிசல் இருப்பதாகத் துணைத்தலைவர் தெரிவித்தார்" என்று எழுதினால், சொன்னது அன்று, விரிசல் இன்னும் இருக்கிறது என்ற இரண்டும் விளங்கும்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. "வாட்ச்மேன் தினமும் காலையில் நீர்மட்டத்தைப் பார்ப்பார்" என்ற வாக்கியம் பழைய வழக்கத்தையும் சொல்லும், புதிய முடிவையும் சொல்லும். இரண்டுக்கும் வினை ஒன்றேதான். புதிய முடிவென்றால் "ஜூன் 8 முதல்" என்று தேதியைச் சேர்ப்பதுதான் வழி.

நிறுவனங்களின் இயக்குநர் குழுக் கூட்டங்களுக்கு இந்தியக் கம்பெனிச் செயலர்கள் கழகம் வகுத்துள்ள முதல் செயலகத் தரநிலை, மினிட்ஸைப் படர்க்கையிலும் இறந்தகாலத்திலும் எழுதச் சொல்கிறது. தீர்மானங்களை மட்டும் நிகழ்காலத்தில் எழுதச் சொல்கிறது. குடியிருப்போர் சங்கத்தை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் நடந்ததன் பதிவையும் தீர்மானத்தின் வாசகத்தையும் வேறு வேறு காலத்தில் நிறுத்தும் அந்த முறை, எந்தக் கூட்டத்துக்கும் உதவும்.

காலத்தைவிடப் பெரிய தொல்லை பொறுப்பாளர் யார் என்பது. "வாங்கப்படும்", "முடிக்கப்பட்டுவிட வேண்டும்" போன்ற செயப்பாட்டு வினைகளில் செய்பவரைச் சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு வினைக்கும் முன்னால் "யார்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் கிடைக்காத இடத்தில் கோடு போடுங்கள். "செயலாளரும் பொருளாளரும்" என்பதையும் விடாதீர்கள். இருவர் பெயர் இருந்தால் ஒருவர் செய்வார் என்று மற்றவர் இருந்துவிடுவார். பொறுப்பு ஒருவருக்குத்தான், மற்றவர் உதவுவார் என்று தனியாக எழுதலாம். "அடுத்த வாரம்" என்பதும் இப்படித்தான். கூட்டம் நடந்த நாளிலிருந்து எண்ணினால் ஒரு வாரம், மின்னஞ்சல் வந்த நாளிலிருந்து எண்ணினால் வேறொரு வாரம்.

இதையெல்லாம் கண்டுபிடிக்கலாம், ஆனால் மெய்ப்புப் பார்ப்பவர் தானாக நிரப்பக் கூடாது. எழுதியவரிடம் குறிப்பான கேள்வியாகக் கேட்க வேண்டும்: "கொட்டேஷன் வாங்குவது நீங்களா, பொருளாளரா? எந்தத் தேதிக்குள்?" கூட்டத்தில் யாரையும் நியமிக்கவே இல்லை என்று பதில் வந்தால், அதை மறைக்காமல் "பொறுப்பாளர் முடிவாகவில்லை" என்றே எழுதுங்கள். பிறகு ஒருவர் ஒப்புக்கொண்டால் அந்தத் தேதியோடு தனிக் குறிப்பாகச் சேர்க்கலாம். கூட்டம் எடுக்காத முடிவைக் கூட்டத்தின் பெயரில் எழுதுவது பொய்ப் பதிவு.

செயலாளரின் பதில்கள் வந்த பிறகு பத்தி இப்படி மாறும்:

"சம்ப் சுத்தம் செய்வது பற்றிப் பேசப்பட்டது. தொட்டிச் சுவரில் விரிசல் இருப்பதாகத் துணைத்தலைவர் தெரிவித்தார். சுத்தம் செய்யும்போதே விரிசலையும் அடைக்க முடிவு செய்யப்பட்டது. பொருளாளர் ஜூன் 14க்குள் இரண்டு கொட்டேஷன் வாங்குவார். செயலாளர் ஜூன் 20க்குள் வேலையை முடித்துக் குழுவுக்குத் தெரிவிப்பார்."

"பேசப்பட்டது", "முடிவு செய்யப்பட்டது" என்ற செயப்பாட்டு வினைகளை இங்கே மாற்றவில்லை. பேசியதும் முடிவெடுத்ததும் கூட்டம் முழுதும்; அங்கே தனி ஆள் தேவையில்லை.

முதல் மின்னஞ்சல் ஏற்கெனவே எல்லோரிடமும் இருக்கிறது. அதனால் திருத்திய பிரதியைப் பேசாமல் அனுப்பிவிட்டால் இரண்டு மினிட்ஸ் புழங்கும். தலைப்பில் "திருத்திய பிரதி" என்றும் தேதியும் இருக்கட்டும். மாறிய வரிகளை மின்னஞ்சலின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். குறிப்பாக, பெயர் புதிதாக ஏறியவருக்கு அது முதலில் கண்ணில் பட வேண்டும். ஆட்சேபம் சொல்ல ஒரு கடைசி நாளும் கொடுங்கள். அடுத்த கூட்டத்தில் உறுதிசெய்ய இந்தப் பிரதியைத்தான் வைக்க வேண்டும்.