வாளிக்குள் காயில்: காப்பாளரின் கடிதம்

அன்பு மாணவர்களே,

அறையில் ஹீட்டிங் காயிலும் சமையலும் கூடாது என்றதும் முகம் சுளிக்கிறீர்கள். காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன்.

உங்கள் அறையின் மின்விசிறி, விளக்கு, மடிக்கணினி எல்லாம் சேர்ந்தாலும் 1 ஆம்பியருக்குள் அடங்கும். 1500 வாட் காயில் ஒன்றே 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். சுவரிலுள்ள சிறிய பிளக் பாயின்ட் 6 ஆம்பியருக்கானது. 15 லிட்டர் வாளித் தண்ணீர் குளிக்கும் சூட்டுக்கு வர ஏறக்குறைய கால் மணி நேரம் ஆகும். காலையில் ஒரே லைனில் நாலு அறைகள் காயில் போட்டால் 26 ஆம்பியர். இன்டக்ஷன் அடுப்பு 2000 வாட் என்றால் இன்னும் அதிகம்.

"டிரிப்பர் இருக்கிறதே சார்" என்பீர்கள். அது அளவுக்கு மீறிய மின்சாரத்தைத்தான் நிறுத்தும். பிளக்கின் பித்தளைப் பிடி தளர்ந்திருந்தால், அளவான மின்சாரத்திலேயே அந்த இடம் கொதிக்கும், டிரிப்பருக்குத் தெரியாது. பிளக் தொட்டால் சுடுவதும், சுவிட்ச் போர்டு பழுப்பேறுவதும், கருகல் வாடையும் அதன் அடையாளங்கள்.

தண்ணீருக்கு வெளியே மறந்து வைத்த காயில் மெத்தையைப் பற்றவைக்கும். உறை வெடித்த காயில் தண்ணீரிலேயே மின்சாரம் பாய்ச்சும். சூடு பார்க்க விரல் விட்டால் போதும்.

காயில் வைத்திருப்பவர்கள் இன்றே அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.

இப்படிக்கு,
விடுதிக் காப்பாளர்