வெண்மை வேறு, வெறுமை வேறு

உத்தரப் பிரதேசத்தில் உள்ள குர்ஜா நகரம் மெருகிட்ட மண்பாண்டங்களுக்குப் பெயர் பெற்றது. அங்கிருந்து வந்த பழுப்பு நிறக் குவளைகளைப் பள்ளி விற்பனை நாளில் விற்கப் போகிறோம் என்று கொள்வோம். ஒரு குவளையை வெள்ளை அட்டையின்மீது வைத்துக் கைப்பேசியால் படம் எடுத்தாயிற்று. சுவரொட்டியின் நிறமோ கரும்பச்சை. படத்தை அதில் ஒட்டியவுடன் பச்சை நிலத்தின் நடுவே ஒரு வெள்ளைச் சதுரமும், சதுரத்துக்குள் குவளையும் தெரிகின்றன. நமக்கு வேண்டியது குவளை மட்டுமே.

வெள்ளையை அழித்துவிட்டால் போதாதா என்று தோன்றும். ஆனால் கணினிக்கு வெள்ளையும் ஒரு நிறமே. படம் என்பது மிகச் சிறிய படப்புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளின் அளவு 0 முதல் 255 வரையிலான எண்களாகக் குறிக்கப்படுகிறது. மூன்றும் 255 ஆனால் வெள்ளை. மூன்றும் 0 ஆனால் கறுப்பு. இவற்றுள் எந்தச் சேர்க்கையும் ‘இங்கு ஒன்றும் இல்லை’ என்று சொல்லாது. அதைச் சொல்ல நான்காவதாக ஓர் எண் வேண்டும். அதற்கு ஆல்ஃபா என்று பெயர். ஆல்ஃபா 255 ஆனால் புள்ளி முழுமையாக மறைக்கும். 0 ஆனால் பின்னால் உள்ளது அப்படியே தெரியும். இடைப்பட்ட எண்களில் மெல்லிய துணியின் வழியே பார்ப்பதுபோல் ஓரளவு தெரியும்.

கைப்பேசி பெரும்பாலும் படத்தை ஜேபெக் கோப்பாகச் சேமிக்கிறது. ஜேபெக்கில் இந்த நான்காம் எண்ணுக்கு இடம் இல்லை. 1996ஆம் ஆண்டு தரமாக ஏற்கப்பட்ட பிஎன்ஜி வடிவத்தில் இடம் உண்டு. ஆகவே நம் வேலை இரண்டு பகுதிகளைக் கொண்டது. பின்னணிப் புள்ளிகளின் ஆல்ஃபாவை 0 ஆக்க வேண்டும். பிறகு அந்த எண்ணை இழக்காத வடிவத்தில் சேமிக்க வேண்டும்.

விலையின்றிக் கிடைக்கும் கிம்ப் என்னும் மென்பொருளில் இதைச் செய்து பார்ப்போம். படத்தைத் திறந்தவுடன் முதல் வேலை, Layer → Transparency → Add Alpha Channel என்பதைச் சொடுக்குவது. இதை மறந்தவர்கள் 2.10 பதிப்பில் விந்தையான ஒன்றைக் காண்பார்கள். வெள்ளையைத் தெரிவு செய்து Delete விசையை அழுத்துவார்கள்; எதுவும் மாறாது. உண்மையில் அழிந்த இடத்தை மென்பொருள் தன் பின்னணி நிறத்தால் நிரப்பியிருக்கும். அந்நிறமும் பெரும்பாலும் வெள்ளையே என்பதால் நம் கண்ணுக்கு வேறுபாடு தெரிவதில்லை. ஆல்ஃபா சேர்த்திருந்தால் அழிந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டங்கள் தோன்றும். அக்கட்டங்கள் படத்தின் பகுதி அல்ல. வெறுமையைக் காட்டும் அடையாளம் மட்டுமே.

அடுத்து Fuzzy Select என்னும் கருவியால் வெள்ளைப் பகுதியை ஒரு முறை சொடுக்குக. அந்தப் புள்ளியைப் போன்ற நிறமுடையனவும் அதனோடு தொடர்ச்சியாக இருப்பனவுமான எல்லாப் புள்ளிகளும் தெரிவாகும். எறும்பு வரிசைபோல் நகரும் கோடு ஒன்று அவற்றைச் சூழ்ந்து நிற்கும். எவ்வளவு ஒத்திருந்தால் ‘ஒன்றுபோல்’ என்று கொள்வது என்பதை Threshold என்னும் எண் முடிவு செய்கிறது. வெள்ளை அட்டை நம் கண்ணுக்கு ஒரே வெள்ளை. படத்திலோ குவளைக்கு அருகே நிழல் விழுந்து சற்றே மங்கியிருக்கும். எண்ணை 15 என்று வைத்து நிழல் தெரிவாகவில்லை என்றால் 25, 30 எனச் சிறிது சிறிதாக உயர்த்துக. மிகுதியாக உயர்த்தினால் எறும்பு வரிசை குவளையின் உடலுக்குள் நுழையும். மெருகு பளபளக்கும் விளிம்பில்தான் இது முதலில் நேரும். அங்கே கண் வைத்திருப்பது நல்லது.

‘தொடர்ச்சியாக’ என்ற சொல்லை இங்கே கவனிக்க வேண்டும். குவளையின் வயிற்றில் விளக்கொளி பட்டு ஒரு வெண்புள்ளி மின்னுகிறது. அதைச் சுற்றிலும் பழுப்பு நிறம் இருப்பதால் இக்கருவி அதைத் தொடாது. நிறத்தை மட்டும் பார்க்கும் Select by Color கருவியோ அங்கும் துளையிட்டுவிடும். மறுபுறம், கைப்பிடியின் வளையத்துக்குள் தெரியும் அட்டையும் தனித்து நிற்பதால் தெரிவாகாமல் போகும். Shift விசையை அழுத்திக்கொண்டு அதையும் ஒரு முறை சொடுக்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிறகு Delete.

பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். சுவரொட்டியில் ஒட்டும்போது குவளையைச் சுற்றி மெல்லிய வெண்கோடு ஒன்று தெரியும். அது ஏன் என்று அறிய விளிம்பில் உள்ள ஒரே ஒரு படப்புள்ளியைப் பார்ப்போம். அதன் ஒரு பாதியில் குவளையும் மறு பாதியில் அட்டையும் விழுந்திருக்கின்றன. குவளையின் நிறம் 155, 85, 55. அட்டையின் நிறம் 255, 255, 255. கேமரா இரண்டையும் கலந்து 205, 170, 155 என்று பதிவு செய்கிறது. இது வெளிறிய பழுப்பு. அட்டையைப் போலவும் இல்லாததால் அழிப்பிலிருந்து தப்பிவிடுகிறது. சுவரொட்டியின் பச்சை 20, 90, 50 என்றால், அதே புள்ளி அங்கே ஏறத்தாழ 88, 88, 53 என்ற கருமையான கலவையாக இருந்திருக்க வேண்டும். பழைய அட்டையின் வெண்மை அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அவ்வெண்மையைப் பிரித்தெடுப்பதற்கென்றே Colors → Color to Alpha என்னும் கட்டளை உண்டு. நாம் காட்டும் நிறம் ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு கலந்திருக்கக்கூடும் என்று கணக்கிட்டு, அந்த அளவை நீக்கி ஆல்ஃபாவாக மாற்றுகிறது. ஆனால் முழுப் படத்துக்கும் இதை இட்டால் புதிய இடர் தோன்றும். குவளை எது, அட்டை எது என்று மென்பொருளுக்குத் தெரியாது. குவளையின் பழுப்பிலும் வெண்மை கலந்திருப்பதாகக் கொண்டு அதையும் நீக்கும். மேற்கண்ட பழுப்பு நிறம் ஏறத்தாழ 78 விழுக்காடே மறைக்கும் நிலைக்கு வந்துவிடும். எஞ்சிய 22 விழுக்காட்டில் சுவரொட்டியின் பச்சை ஊடுருவும். படத்தைப் பார்த்து வாங்க வருபவர் கையில் வேறு நிறக் குவளையைப் பெறுவார். விற்பனைப் படத்தில் இது சிறு பிழை அன்று.

ஆகவே கட்டளையை விளிம்புக்குள் அடக்க வேண்டும். Delete அழுத்திய பிறகும் தெரிவு நீங்காமல் இருக்கும். Select → Grow என்பதில் 2 என்று இட்டால் அது குவளையின் விளிம்புக்குள் இரண்டு படப்புள்ளி அளவு நகரும். இப்போது Color to Alpha இட்டால் அந்த மெல்லிய வளையம் மட்டுமே மாறும். நீக்க வேண்டிய நிறமாக வெறும் வெள்ளையைத் தராமல், படத்தில் உள்ள அட்டையின் நிறத்தையே எடுத்துத் தருக. அட்டையை அழித்துவிட்ட பின் அதை எடுக்க இயலாது என்பதால், அழிக்கும் முன்பே அதன் எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சரியாக வந்ததா என்பதைச் சாம்பல் கட்டங்களின்மீது பார்த்துத் தீர்மானிக்க இயலாது. வெளிர் நிறத்தில் வெண்கோடு ஒளிந்துகொள்ளும். குவளைக்குக் கீழே புதிய அடுக்கு ஒன்றை இட்டு, அதைக் கரும்பச்சையால் நிரப்பிப் பார்க்க வேண்டும். பார்த்து முடித்ததும் அவ்வடுக்கை நீக்கிவிடுக. இல்லையேல் பச்சையும் சேர்ந்தே சேமிக்கப்படும்.

இறுதியாக File → Export As சென்று `kuvalai.png` என்று பெயரிடுக. பெயரின் முடிவில் `.jpg` என்று இட்டால் இவ்வளவு நேரம் செய்த வேலை ஒரு நொடியில் மறைந்து, மீண்டும் ஒரே நிறப் பின்னணி வந்து நிற்கும். கைப்பேசி வழியாக நண்பருக்கு அனுப்பும்போதும் இதுவே நேரலாம். செய்திச் செயலிகள் படத்தை ஜேபெக்காகச் சுருக்குவது வழக்கம் என்பதால், படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்ப வேண்டும்.

குவளை பழுப்பாக இருந்ததால் வெள்ளை அட்டை உதவியது. அடுத்து விற்கப்போவது வெண்பீங்கான் தட்டு என்றால், எந்த எண்ணை எப்படி மாற்றினாலும் எறும்பு வரிசை தட்டுக்குள் புகுந்துவிடும். அதற்கு நீல அட்டையை விரித்து, மீண்டும் படம் எடுப்பதே விரைவான வழி.